பாதரசத் தூணைத் தூக்கிய வெப்பம்

ஒரு கிலோகிராம் காற்றை இறுக மூடிய கலத்தில் அடைத்து ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 718 ஜூல் வெப்பம் போதும். அதே காற்றை, மேலும் கீழும் தாராளமாக நகரும் பிஸ்டன் பொருத்திய உருளைக்குள் வைத்து ஒரு பாகை சூடேற்றினால் 1005 ஜூல் தேவைப்படுகிறது. காற்றும் அதன் எடையும் மாறவில்லை. வெப்பநிலை உயர்வும் அதேதான். ஆனால் 287 ஜூல் கூடுதலாகச் செலவாகிறது.

அது எங்கே போகிறது? சூடான காற்று விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, அந்த வேலைக்குத்தான் கூடுதல் வெப்பம் என்பது பாடநூல் தரும் விடை. அதில் தவறில்லை. ஆனால் அந்த ஒற்றை வரிக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கூடுதல் வெப்பம் முழுவதும் பிஸ்டனைத் தள்ளவே போகிறது, விரிந்ததற்காக வாயு தனக்குள் எதையும் செலவிடுவதில்லை என்பதே அது. இதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திடப்பொருள்களிலும் திரவங்களிலும் இந்த அனுமானம் பொய்த்துப்போகிறது. வாயுக்களில் மட்டும் அது வியக்கத்தக்க அளவுக்குப் பலிக்கிறது. அந்த அனுமானத்தை நம்பி முதன்முதலில் கணக்குப் போட்டு விடையை அச்சேற்றியவர் இயற்பியலர் அல்லர், ஒரு மருத்துவர்.

ஜெர்மனியின் ஹைல்புரோன் ஊரில் 1814-இல் பிறந்த யூலியஸ் ராபர்ட் மேயர், 1840-இல் டச்சுக் கப்பலொன்றில் மருத்துவராக ஜாவாத் தீவுக்குப் போனார். வெப்பமண்டலத்தில் மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடப் பளிச்சென்ற சிவப்பாக இருந்தது அவரை யோசிக்க வைத்தது. சூடான ஊரில் உடல் தன் வெப்பத்தைக் காக்கக் குறைவாகவே எரிக்க வேண்டியிருக்கிறது, அதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று அவர் எண்ணினார். அங்கிருந்து வெப்பம், உழைப்பு, உணவு ஆகியவற்றுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலுக்கு அவர் சிந்தனை தாவியது. ஊர் திரும்பியதும், 1842-இல், லீபிக் நடத்திவந்த வேதியியல் ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஓர் எடை ஏறத்தாழ 365 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும், அதே எடையுள்ள தண்ணீர் சுழியிலிருந்து ஒரு பாகை சூடேறுவதும் சமம் என்றது அதன் முடிவு. அந்த எண் எப்படி வந்தது என்பதை விரித்துச் சொல்லவில்லை. கணக்கின் படிகளை 1845-இல் சொந்தமாக வெளியிட்ட நூலில்தான் காட்டினார். அங்கே விடை 367 மீட்டர்.

அந்தக் கணக்கைப் படிப்படியாகப் பின்தொடர்வது பயன் தரும்.

ஒரு கன சென்டிமீட்டர் காற்று, உறைநிலை வெப்பநிலையில், இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிறது. அதன் எடை 0.0013 கிராம். அதன் தலைமேல் வளிமண்டலத்துக்குப் பதிலாக ஒரு பாதரசத் தூண் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். அடிப்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர், உயரம் 76 சென்டிமீட்டர், எடை 1033 கிராம். காற்று ஒரு பாகை சூடானால் அதன் பருமன் 274-இல் ஒரு பங்கு கூடும். அதாவது, ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட பாதரசத்தை அது 1/274 சென்டிமீட்டர் மேலே தூக்குகிறது. இதுதான் வேலை.

அடுத்தது வெப்பம். மாறா அழுத்தத்தில் காற்றின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு 0.267 கலோரி என்பது அன்று கிடைத்த அளவீடு. ஆகவே இந்தத் துளிக் காற்றை ஒரு பாகை சூடேற்ற 0.000347 கலோரி வேண்டும். பருமன் மாறாமல் சூடேற்றினால்? இரு ஏற்புத்திறன்களின் விகிதம் 1.421 என்று பிரெஞ்சு இயற்பியலர் தூலோங் கண்டிருந்தார். அதனால் வகுத்தால் 0.000244. வித்தியாசம் 0.000103 கலோரி. இவ்வளவு வெப்பம் செலவாகி 1033 கிராம் 1/274 சென்டிமீட்டர் உயர்ந்தது என்றால், ஒரு கலோரி செலவானால் ஒரு கிராம் எவ்வளவு உயரம் போகும்? வகுத்தால் 367 மீட்டர்.

இந்தக் கணக்குக்காக மேயர் ஆய்வகத்தில் எதையும் அளக்கவில்லை. பிறர் அளந்து வைத்திருந்த நான்கைந்து எண்களைச் சரியான வரிசையில் அடுக்கினார், அவ்வளவுதான். பிற்காலத்தில் அவரைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் இதையே குறையாகச் சொன்னார்கள். இரண்டு ஏற்புத்திறன்கள் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்விக்குள் வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள மாற்று விகிதமே கிடக்கிறது என்று கண்டதுதான் இங்கே கடினமான பகுதி. அளவுகளை வைத்திருந்தவர்கள் பலர். அவற்றை அப்படி அடுக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியவர்கள் மிகச் சிலரே.

இனி ஒரு நியாயமான கேள்வி. மாறா பருமன் ஏற்புத்திறனை நேராக அளக்காமல், விகிதத்தின் வழியாகச் சுற்றி வந்தது ஏன்?

அளக்க முடியவில்லை என்பதுதான் காரணம். ஒரு லிட்டர் காற்று ஒரு பாகை சூடேற ஒரு ஜூலுக்கும் குறைவாகவே கேட்கிறது. அதை அடைத்து வைக்கும் செப்புக் கலம் ஒரு கிலோகிராம் எடை இருந்தால் அது மட்டும் 385 ஜூல் விழுங்கிவிடும். கலத்தின் கணக்கில் வரும் சிறு பிழையே காற்றின் முழுப் பங்கையும் மூழ்கடித்துவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்கும் கருவியை அயர்லாந்தின் ஜான் ஜோலி அமைக்க அந்த நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே மாதிரியான இரு செப்புக் கோளங்களைத் தராசின் இரு பக்கமும் தொங்கவிட்டார். ஒன்றில் அழுத்திய வாயு, மற்றது வெற்றிடம். இரண்டையும் நீராவி சூழும்போது இரண்டின் மேலும் நீர் படியும். செம்புக்காகப் படிந்த நீர் இரு பக்கமும் சமமாகிக் கழிந்துவிட, தராசு காட்டும் எடை வித்தியாசம் வாயுவுக்கு மட்டுமே உரியது. காற்றுக்கு அவர் கண்ட 0.1715 கலோரியை இன்றைய அலகில் எழுதினால் நாம் தொடக்கத்தில் பார்த்த 718 ஜூல் கிடைக்கிறது.

மேயரின் காலத்தில் அந்த வசதி இல்லை. விகிதத்தைத் தந்தது ஒலி. காற்றின் அழுத்தத்தையும் அடர்த்தியையும் வைத்து ஒலியின் வேகத்தை நியூட்டன் கணக்கிட்டிருந்தார். அவருடைய வாய்பாட்டின்படி உறைநிலைக் காற்றில் நொடிக்கு 280 மீட்டர்தான் வரும். உண்மையில் ஒலி ஏறத்தாழ 331 மீட்டர் போகிறது. ஒலியலையில் காற்று நெருங்கி விலகுவது மிக விரைவாக நடக்கிறது, நெருங்கிய இடத்தில் உண்டாகும் சூடு வெளியேற நேரமில்லை, அந்தச் சூடு அழுத்தத்தை மேலும் கூட்டுகிறது என்று லாப்லாஸ் விளக்கினார். அவர் திருத்தத்தின்படி நியூட்டனின் வேகத்தை இரு ஏற்புத்திறன்களின் விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். இன்று நாம் ஏற்கும் 1.40-இன் வர்க்கமூலம் 1.183. 280-ஐ அதனால் பெருக்கினால் 331 கிடைக்கிறது. ஆக, பீரங்கி வெடிக்கும் ஒளியைக் கண்டு, ஓசை வந்து சேரும் வரை நொடிகளை எண்ணுபவர், தம்மை அறியாமலே காற்றின் வெப்ப ஏற்புத்திறன்களை அளந்துகொண்டிருக்கிறார். அந்த வேலை சென்னையிலும் நடந்தது. மதராஸ் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் அன்றாடம் சுடப்பட்ட பீரங்கிகளின் ஓசையை மாதக்கணக்கில் பதிந்து, பருவத்துக்குப் பருவம் வேகம் மாறுவதைக் காட்டி, 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். 30 பாகை வெயிலில் நியூட்டனின் வழி 295 மீட்டரும் லாப்லாஸின் வழி 349 மீட்டரும் வரும். கோட்டைப் பீரங்கிக்கே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கடிகாரத்தில் தெரிந்துவிடும்.

இனி மேயரின் விடைக்கு வருவோம். சரியான எண் 427 மீட்டர். அவருடையது 14 சதவீதம் குறைவு. தவறு எங்கே?

தருக்கத்தில் இல்லை. 0.267 என்ற எண்ணில் இருக்கிறது. அது தெலாரோஷ், பெரார் என்ற இருவர் 1813-இல் தந்த அளவு. சூடேற்றிய வாயுவை ஒரு சுருள் குழாய் வழியே நீர்க் கலத்துக்குள் செலுத்தி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார்கள். அன்றைக்கு அது மிக நேர்த்தியான சோதனை. எனினும் விடை உண்மையைவிட ஒன்பதில் ஒரு பங்கு அதிகமாக அமைந்துவிட்டது. 1850களில் விக்டர் ரெனோ மறுபடி அளந்தபோது 0.2375 என்று வந்தது. இன்று ஏற்கப்படும் மதிப்பு 0.240. இந்த 0.240-ஐயும் 1.40 என்ற விகிதத்தையும் மேயரின் அதே படிகளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் காற்றுக்கு 0.000310 கலோரி. அதில் ஏழில் இரண்டு பங்கு வித்தியாசம், அதாவது 0.0000887. அது தூக்கும் எடையும் உயரமும் முன்போலவே. விடை ஏறத்தாழ 425 மீட்டர். படிகளில் ஒன்றைக்கூட மாற்றாமல், எண்களை மட்டும் சரிசெய்தால் கணக்கு குறிக்கு மிக அருகில் போய்ச் சேருகிறது.

ஆனால் அது பலிப்பதற்கு மேயரின் அனுமானம் உண்மையாக இருக்க வேண்டுமே. அதே மாற்று விகிதத்தைச் சோதனைகளால் அளந்துவந்த ஜேம்ஸ் ஜூலும், ஜூலின் பக்கம் நின்றவர்களும் கேட்டது இதைத்தான். வாயு விரியும்போது மூலக்கூறுகளைப் பிரித்து வைக்கவும் வெப்பம் செலவாகியிருக்கலாம் அல்லவா? அப்படியானால் 0.000103 கலோரியில் ஒரு பகுதிதான் பாதரசத்தைத் தூக்கியிருக்கும், 367 என்ற எண்ணுக்குப் பொருளே இருக்காது.

இதற்கான சோதனையை கே-லுசாக் 1807-இலேயே செய்திருந்தார், 1845 நூலில் மேயரும் அதைச் சுட்டிக்காட்டினார். இரண்டு கண்ணாடிக் கலங்கள், ஒன்றில் வாயு, மற்றதில் வெற்றிடம், நடுவில் ஒரு திருகு. திறந்தால் வாயு வெற்றிடத்துக்குள் பாய்கிறது. தள்ளுவதற்கு எதிரே பிஸ்டனும் இல்லை, பாதரசமும் இல்லை. காலியாகும் கலத்தில் வெப்பமானி இறங்கியது, நிறையும் கலத்தில் அதே அளவு ஏறியது. கூட்டிக் கழித்தால் மாற்றம் ஏதுமில்லை. விரிந்ததற்காக மட்டும் வாயு எதையும் செலவிடவில்லை. ஜூல் 1845-இல் இதையே 22 வளிமண்டல அழுத்தத்தில், செப்புக் கலங்களை நீரில் மூழ்கவைத்துச் செய்தார். நீரின் வெப்பநிலையில் மாற்றமே தெரியவில்லை.

தெரியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடைவெளி உண்டு. சுற்றியிருந்த நீரின் வெப்ப ஏற்புத்திறன் உள்ளேயிருந்த காற்றினுடையதைப்போலப் பல நூறு மடங்கு. காற்று ஒரு பாகை குளிர்ந்திருந்தாலும் நீரில் அது கண்ணுக்குப் படாத அளவுக்குக் கரைந்துபோயிருக்கும். இதை உணர்ந்த ஜூல், வில்லியம் தாம்சனோடு சேர்ந்து 1850களில் வேறொரு வழியைத் தேர்ந்தார். வாயுவை ஒரு நுண்துளை அடைப்பின் வழியே இடைவிடாமல் கசியவிட்டு, இரு பக்கத்து வெப்பநிலையையும் ஒப்பிட்டனர். இங்கே கலம் சூடேறும் தொல்லை இல்லை. ஒரு வளிமண்டல அழுத்தம் குறைய, காற்று சுமார் கால் பாகை குளிர்ந்தது. கார்பன் டையாக்சைடு ஒரு பாகைக்கு மேல் குளிர்ந்தது. அனுமானம் முழு உண்மை அல்ல, ஆனால் காற்றைப் பொறுத்தவரை மிகச் சிறிய பிழையோடு உண்மை. மேயரிடம் அதிர்ஷ்டம் இருந்தது என்று சொன்னால் அது பாதி நியாயம். அவர் தேர்ந்த பொருள் காற்றாக இருந்தது அந்த அதிர்ஷ்டம். பழைய சோதனையை எடுத்துவந்து தன் கணக்குக்குத் துணை நிறுத்தியது அவருடைய கூர்மை.

நல்லியல்பு வாயு என்பது இந்தச் சிறு பிழையையும் சுழியாக்கிப் பார்க்கும் ஒரு வரம்பு நிலை. அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதில்லை. ஆகவே அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது, பருமன் எதுவாயினும் மாறாது. அப்போது வித்தியாசத்தை எழுதுவது எளிது. ஒரு மோல் வாயுவுக்கு pV = RT. அழுத்தம் மாறாமல் ஒரு கெல்வின் சூடேறினால் அழுத்தமும் பருமன் உயர்வும் பெருக்கிய அளவு, அதாவது வெளியே செய்த வேலை, R. எனவே

Cp − Cv = R

R-இன் மதிப்பு 8.314 ஜூல். எந்த வாயு, என்ன அழுத்தம், என்ன வெப்பநிலை என்று இந்த வரி கேட்பதில்லை. அழுத்தத்தை இரட்டித்தால் தள்ளுவது இருமடங்கு கடினம், ஆனால் பருமன் பாதியானதால் தள்ளும் தொலைவும் பாதி, பெருக்கல் மாறாது. ஆர்கானுக்கு 20.79, 12.47. நைட்ரஜனுக்கு 29.1, 20.8. தனித்தனியே பார்த்தால் ஒற்றுமை இல்லை, கழித்தால் ஒரே எண். நைட்ரஜனின் மூலக்கூறு சுழலவும் செய்வதால் அதன் ஆற்றல் கணக்கு பெரிது. ஆனால் அந்தச் சுழற்சிக்கான பங்கு இரண்டு ஏற்புத்திறன்களிலும் சமமாக இருப்பதால் கழித்தலில் மறைந்துவிடுகிறது. தொடக்கத்தில் பார்த்த 287 ஜூலும் இதே R-தான். ஒரு கிலோகிராம் காற்றில் ஏறத்தாழ 34.5 மோல் இருக்கின்றன.

மூலக்கூறு அளவில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். அசையாத சுவரில் மோதும் மூலக்கூறு வந்த வேகத்திலேயே திரும்புகிறது. பின்வாங்கும் பிஸ்டனில் மோதுவது வேகம் குறைந்து திரும்புகிறது. கிரிக்கெட்டில் மட்டையைப் பின்னுக்கு இழுத்துப் பந்தைக் காலடியில் விழவைக்கும் ஆட்டக்காரர் செய்வது இதுவே. இப்படி ஒவ்வொரு மோதலிலும் இழக்கும் வேகத்தை ஈடுசெய்து, வெப்பநிலையைத் திட்டமிட்ட ஒரு பாகைக்கு உயர்த்தத்தான் கூடுதல் வெப்பம் கொடுக்கிறோம். அது வாயுவுக்குள் தங்குவதில்லை. பிஸ்டன் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் முடிவில் ஒரு கிலோகிராம் காற்றின் அக ஆற்றல் 718 ஜூல்தான் கூடியிருக்கும். மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. பருமன் மாறும் நிகழ்விலும் அக ஆற்றலைக் கணக்கிட மாறா பருமன் ஏற்புத்திறனைப் பயன்படுத்துவது ஏன் என்று கேட்பார்கள். நல்லியல்பு வாயுவின் அக ஆற்றலுக்குப் பருமன் ஒரு பொருட்டே அல்ல என்பதுதான் விடை.

வித்தியாசம் இப்படி நிலையாக நிற்பதால் ஒரு வசதியும் உண்டு. விகிதத்தை அளந்தால் போதும், இரு ஏற்புத்திறன்களும் தனித்தனியே கிடைத்துவிடும். 1894-இல் அறிவிக்கப்பட்ட புதிய வாயுவான ஆர்கானை வேதியியல் வழியில் பிடிக்க முடியவில்லை, அது எதனோடும் சேர மறுத்தது. ரேலியும் ராம்சேயும் அதில் ஒலியின் வேகத்தை அளந்தார்கள். விகிதம் 1.66-ஐ ஒட்டி வந்தது. R-ஐ 0.66-ஆல் வகுத்தால் மாறா பருமன் ஏற்புத்திறன் ஏறத்தாழ 12.6. இது நேர்கோட்டு இயக்கத்துக்கு மட்டுமே போதுமான அளவு, சுழற்சிக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே ஆர்கான் ஓரணு வாயு என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மெய்யான வாயுக்களில் 8.314 சற்றே நழுவும். அறை வெப்பநிலையில், வளிமண்டல அழுத்தத்தில், கார்பன் டையாக்சைடில் வித்தியாசம் R-ஐவிட ஏறத்தாழ இரண்டு சதவீதம் கூடுதல். ஒன்றையொன்று இழுக்கும் மூலக்கூறுகளைப் பிரிக்கவும் கொஞ்சம் வெப்பம் போகிறது. இங்கே அது சில்லறைச் செலவு. செம்பில் அதுவே முழுச் செலவு.

அறை வெப்பநிலையில் ஒரு மோல் செம்பின் மாறா அழுத்த ஏற்புத்திறன் 24.4 ஜூல், மாறா பருமனில் ஏறத்தாழ 0.7 ஜூல் குறைவு. மேயரின் முறைப்படி, வளிமண்டலத்தைத் தள்ளும் வேலையை மட்டும் கணக்கிட்டால் என்ன வரும்? ஒரு மோல் செம்பின் பருமன் 7 கன சென்டிமீட்டர், ஒரு பாகைக்கு விரிவது லட்சத்தில் ஐந்து பங்கு. வேலை ஒரு ஜூலின் லட்சத்தில் நான்கு பங்கைக்கூட எட்டாது. உண்மை வித்தியாசம் இதைப்போல ஏறத்தாழ 20,000 மடங்கு. மேயர் காற்றுக்குப் பதிலாகச் செம்பைத் தேர்ந்திருந்தால் அவர் எண் இத்தனை மடங்கு பிசகியிருக்கும்.

எல்லாப் பொருளுக்கும் பொதுவான வாய்பாடு வேறு:

Cp − Cv = T V α² / κ

α என்பது வெப்பத்தால் விரியும் வீதம், κ என்பது அமுக்கத்துக்கு இடம் கொடுக்கும் வீதம். நல்லியல்பு வாயுவுக்கு α = 1/T, κ = 1/p என்று போட்டால் R திரும்ப வருகிறது. α இங்கே வர்க்கமாக நிற்பதால், பொருள் விரிந்தாலும் சுருங்கினாலும் வித்தியாசம் எதிர்மறை ஆகாது.

2 பாகையில் உள்ள தண்ணீர் இதற்குச் சரியான சோதனைக்களம். சூடேற்றினால் அது சுருங்குகிறது. இங்கே தண்ணீர் எதையும் தள்ளவில்லை, வளிமண்டலம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. பாடநூல் விடையின்படி மாறா அழுத்த ஏற்புத்திறன் குறைவாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை, மிகச் சிறிய அளவானாலும் அதுவே அதிகம். காரணத்தை இரண்டு படிகளில் காணலாம். முதலில் அழுத்தம் மாறாமல் கொஞ்சம் வெப்பம் கொடுக்கிறோம், பருமன் மாறிவிடுகிறது. பிறகு வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் காத்து, பழைய பருமனுக்கே திரும்பக் கொண்டுவருகிறோம். காற்றானால் அமுக்க வேண்டும், அமுக்கினால் சூடேறும். 2 பாகைத் தண்ணீரானால் விரிக்க வேண்டும். அந்த நிலையில் தண்ணீர் விரிந்தால் குளிராது, சூடேறும். எப்படியானாலும் அதே வெப்பத்துக்கு வெப்பநிலை உயர்வு கூடுதலாகிவிடுகிறது. அதாவது பருமன் மாறாதபோது பாகை ஒன்றுக்குத் தேவைப்படும் வெப்பம் குறைவு. 4 பாகையை ஒட்டிய இடத்தில் தண்ணீர் விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. அங்கே இரு ஏற்புத்திறன்களும் சமமாகின்றன. அதைத் தாண்டியதும் மறுபடி பிரியத் தொடங்கி, 25 பாகையில் இடைவெளி ஏறத்தாழ ஒரு சதவீதம் ஆகிறது.